டார்கெட், ஸ்டாப், காலக்கெடு: ட்ரிபிள் பேரியர் லேபிளிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷின் லேர்னிங் மாடலுக்குப் பங்குச்சந்தை டேட்டாவைத் தயார் செய்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படை. போகப்போகச் சிக்கல் கூடும். உதாரணங்களுக்கு 2024 மே கடைசி, ஜூன் முதல் வாரத்து நிஃப்டி 50 எடுத்துக்கொண்டேன். தேர்தல் முடிவு வந்த அந்த நாட்களில் இந்த முறையின் பலமும் சிக்கலும் இரண்டுமே தெளிவாகத் தெரியும்.

ட்ரிபிள் பேரியர்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு நாளில் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய விலைக்கு மேலே ஒரு கோடு, அது டார்கெட். கீழே ஒரு கோடு, அது ஸ்டாப் லாஸ். வலது பக்கம் செங்குத்தாக ஒரு கோடு, அது "இத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்க மாட்டேன்" என்ற காலக்கெடு. விலை இந்த மூன்றில் எதை முதலில் தொடுகிறது என்பதுதான் லேபிள்: மேல் கோடு என்றால் +1, கீழ் கோடு என்றால் -1, காலக்கெடு என்றால் பெரும்பாலும் 0.

நிதித்துறை ஆய்வாளர் மார்கோஸ் லோபஸ் தே பிராதோ 2018 இல் தன் புத்தகத்தில் எழுதிய பிறகு இந்தப் பெயரும் முறையும் பரவலாகின. ஆனால் ஸ்டாப்பும் டார்கெட்டும் வைத்து வியாபாரம் செய்கிறவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அவர் கையில் நடப்பதை அப்படியே லேபிளாக எழுதுகிறோம், அவ்வளவுதான்.

அஞ்சு நாள் கழிச்சு விலை ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பார்த்தா போதாதா? எதுக்கு மூணு கோடு?

2024 ஜூன் 3, திங்கள்கிழமை. எக்ஸிட் போல் வந்த உற்சாகத்தில் நிஃப்டி 23,263.90 இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அன்று 21,884.50 இல் முடிந்தது, அதாவது ஒரே நாளில் 5.93% வீழ்ச்சி. அப்புறம் 5 ஆம் தேதி 22,620.35, 6 ஆம் தேதி 22,821.40, 7 ஆம் தேதி 23,290.15, அடுத்த திங்கள் 10 ஆம் தேதி 23,259.20.

3 ஆம் தேதி குளோசில் வாங்கியதாக வைத்து ஐந்து வர்த்தக நாள் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் வெறும் -0.02%. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் +0.11%. அந்த லேபிளை நம்பும் மாடலுக்கு இது எதுவுமே நடக்காத அமைதியான வாரம். நிஜத்தில் ஸ்டாப் வைத்திருந்த எவரும் முதல் நாளே வெளியேறியிருப்பார். 2% ஸ்டாப் என்றால் கோடு 22,798.62 இல் இருக்கும். 4 ஆம் தேதி விலை அதைத் தாண்டிக் கீழே போனது. மூன்று கோடு முறையில் இதன் லேபிள் -1, வாழ்ந்தது ஒரு நாள்.

இறுதிப் புள்ளியை மட்டும் பார்க்கும் லேபிள், நடுவில் விலை போன பாதையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஸ்டாப்பே இல்லாமல் நாள் கணக்கில் மட்டும் வெளியேறுகிறவர் என்றால் அந்த லேபிள் உங்களுக்குச் சரிதான். ஸ்டாப் வைப்பவருக்கு அது வேறு யாரோ ஒருவருடைய வியாபாரத்தின் முடிவு.

எல்லா நாளும் 2%ன்னு வெச்சுட்டா என்ன? எதுக்கு வோலட்டிலிட்டிய வெச்சு கோடு போடணும்?

நிலையான 2% அமைதியான மாதங்களில் எட்டாத தூரம், கொந்தளிப்பான மாதங்களில் ஒரு காலைப் பொழுது. அப்படி லேபிள் போட்டால் அமைதியான காலம் முழுக்க 0 ஆகவும், கொந்தளிப்பு முழுக்க +1, -1 ஆகவும் நிறையும். மாடல் கற்றுக்கொள்வது திசையை அல்ல, "இப்போது வோலட்டிலிட்டி அதிகமா" என்பதை மட்டுமே. அதைச் சொல்ல மாடல் தேவையில்லை.

அதனால் கோட்டின் தூரத்தை அன்றைய வோலட்டிலிட்டியின் மடங்காக வைக்கிறோம். தினசரி ரிட்டர்னின் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்டாண்டர்ட் டீவியேஷனை σ என்று வைத்து, டார்கெட் மேலே pt × σ, ஸ்டாப் கீழே sl × σ தூரத்தில் இருக்கும். pt, sl இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மடங்குகள். பழைய நாட்களின் எடை எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பதைச் சொல்வது span, வழக்கமாக எடுப்பது 100. ஜூன் 3 அன்று σ = 1% என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 4 ஆம் தேதி விழுந்த 5.93% உள்ளே வந்ததும் அது ஏறக்குறைய 1.3% ஆகும். ஆக, 4 ஆம் தேதி மாலை வாங்கினால் இரண்டு σ என்பது 2% அல்ல, 2.6%. மறுநாள் 22,620.35 அந்த மேல் கோட்டையும் தாண்டியதால் லேபிள் +1.

span 100 என்றால் பழைய நாள் ஒன்றின் எடை பாதியாகக் குறைய ஏறத்தாழ 35 வர்த்தக நாள் ஆகும். ஒரே நாள் அதிர்ச்சி இரண்டு மாதம் கோடுகளை அகலமாக வைத்திருக்கும். ஐந்து பத்து நாள் வியாபாரத்துக்கு இது எனக்கு மந்தமாகப் படுகிறது. span 20 என்றால் ஏழு நாளில் பாதியாகும். எதை எடுத்தாலும் σ கணக்கில் வாங்கும் நாள் வரையிலான டேட்டா மட்டுமே இருக்க வேண்டும். முழு டேட்டாவுக்கும் சேர்த்து ஒரே σ எடுத்துவிட்டால் எதிர்காலம் லேபிளின் அளவுக்குள் கசிந்துவிடும்.

பைத்தான் கோட்ல எழுதறது கஷ்டமா?

இல்லை, இவ்வளவுதான்:

```python
# s: தினசரி குளோஸ் விலைகளின் pandas Series, maxbars: காலக்கெடு நாட்கள்
sigma = s.pct_change().ewm(span=100).std().values
close = s.values

def label(i, pt, sl, maxbars):
    last = i + maxbars
    if last >= len(close):
        return None
    up, dn = pt * sigma[i], -sl * sigma[i]
    for j in range(i + 1, last + 1):
        r = close[j] / close[i] - 1
        if r >= up: return 1, j, r
        if r <= dn: return -1, j, r
    return 0, last, r
```

லேபிளோடு j, அந்த நாளின் ரிட்டர்ன் r இரண்டையும் சேமித்து வையுங்கள். கோடு தொட்ட நாள் j பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும். ஆனால் இந்த இரண்டும் தவறிக்கூட ஃபீச்சர் பட்டியலுக்குள் போகக் கூடாது. தொடக்கத்து நூறு நாட்களை விட்டுவிடுங்கள், அங்கே σ இன்னும் நிலைபெற்றிருக்காது.

`return None` என்ற வரியைச் சிலர் தேவையில்லை என்று எடுத்துவிடுகிறார்கள். டேட்டாவின் கடைசிப் பத்து நாட்களில் தொடங்கும் வியாபாரங்களில் சீக்கிரம் கோட்டைத் தொட்டவை மட்டும் லேபிள் பெறும், தொடாதவை IndexError இல் முடிந்து விடுபடும். அப்போது கடைசிப் பகுதியில் வேகமான அசைவுகள் மட்டுமே மிஞ்சும். மாடலைச் சோதிக்கும் பகுதி பெரும்பாலும் அதுதான் என்பதால் முழுக் காலக்கெடு கிடைக்காதவற்றை மொத்தமாக விடுவதே நேர்மை.

காலக்கெடு எத்தனை நாள் வைக்கணும்? அது முதல்ல வந்தா 0 போடவா, இல்ல லாபமா நஷ்டமான்னு பார்த்து +1 -1 போடவா?

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. விலை திசையில்லாமல் அலைகிறது என்று வைத்துக்கொண்டால் ±kσ கோடுகளில் ஒன்றைத் தொடச் சராசரியாக k² நாள் ஆகும். ±2σ என்றால் நான்கு நாள். பத்து நாள் காலக்கெடு வைத்தால் எதையும் தொடாமல் முடிபவை உத்தேசமாக 6% மட்டுமே. இது விலையை இடைவிடாமல் கவனிக்கும்போது. மேலே உள்ள கோட் போல நாளுக்கு ஒரு முறை குளோசை மட்டும் பார்த்தால் நடுவில் தொட்டவை கணக்கில் வராது. சராசரி ஆறரை நாளாக நீளும், தொடாதவை 20% அருகே வரும்.

உங்கள் டேட்டாவில் 0 எத்தனை சதவீதம் என்று எண்ணி இதோடு ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் 0 என்றால் கோடுகள் காலக்கெடுவுக்குப் பொருந்தாத அளவுக்கு அகலம். கிட்டத்தட்ட 0 வே இல்லை என்றால் காலக்கெடு பெயருக்குத்தான் இருக்கிறது.

0 வை என்ன செய்வது? அளவு குறைவாக இருந்தால், காலக்கெடு நாளில் இருந்த ரிட்டர்னின் குறியைப் போடலாம், இரண்டு வகுப்பு மாடலாகச் சுலபமாகும். நான் தனியாக 0 என்றே வைக்கச் சொல்வேன். +0.05% இல் முடிந்த ஒன்றை +2% தொட்டதோடு ஒரே பெட்டியில் போடுவது, முன்னே பார்த்த "ஐந்து நாள் கழித்து" லேபிளின் குறையைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவருவது போலத்தான்.

டார்கெட் 3σ, ஸ்டாப் 1σ வெச்சேன். மாடல் 75% சரியா சொல்லுது. நல்ல மாடல்தானே?

அநேகமாக இல்லை. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

விலைக்குத் திசையே இல்லை, காலக்கெடுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3σ மேலே இருக்கும் கோட்டை, 1σ கீழே இருக்கும் கோட்டுக்கு முன் தொடும் வாய்ப்பு 1/(3+1), அதாவது 25%. மீதி 75% ஸ்டாப். டேட்டாவைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் "-1" என்று சொல்லும் ஒரு வரி நிரலுக்கும் 75% மதிப்பெண் வரும். லேபிள்களின் விகிதத்தைத் தீர்மானித்தது சந்தை அல்ல, நீங்கள் போட்ட கோடுகளின் தூரம். காலக்கெடு சேர்ந்தால் +1 இன்னும் குறையும், ஏனென்றால் தூரத்தில் இருக்கும் கோட்டுக்குத்தான் நேரம் போதாமல் போகும். குளோசை மட்டும் பார்த்தால் விகிதம் சற்று நகரும், ஆனால் வடிவம் இதேதான்.

அதே கணக்கை லாபத்தில் போட்டுப் பாருங்கள்: 0.25 × 3 கழித்தல் 0.75 × 1, விடை பூஜ்யம். எந்த விகிதத்தில் கோடு போட்டாலும் திசையற்ற சந்தையில் விடை பூஜ்யம்தான். ஆகவே பார்க்க வேண்டியது மொத்தத் துல்லியத்தை அல்ல. மாடல் "+1" என்று சொன்ன இடங்களில் எத்தனை உண்மையில் +1 ஆயின என்பதை எடுத்து, அதே டேட்டாவில் +1 இன் மொத்த விகிதத்தோடு ஒப்பிடுங்கள். மொத்த விகிதம் 24% ஆக இருக்கும்போது மாடல் தேர்ந்தெடுத்தவற்றில் 31% ஜெயித்தால், மீதி எல்லாம் ஸ்டாப் என்று வைத்தாலும் 0.31 × 3 - 0.69 = 0.24σ மிச்சம். 31% என்பது பார்வைக்குக் கேவலமான எண், ஆனால் 75% ஐ விட அதில்தான் விஷயம் இருக்கிறது.

குளோஸ் மட்டும் பார்த்தா போதுமா, ஹை லோ வேணுமா? ஒரே கேண்டில்ல ரெண்டு கோடும் தொட்டா என்ன பண்றது?

நீங்கள் நிஜத்தில் எப்படி வெளியேறுவீர்கள் என்பதைப் பொறுத்தது. நாள் முடிவில் பார்த்து முடிவெடுப்பவர் என்றால் குளோஸ். எக்ஸ்சேஞ்சில் ஸ்டாப் ஆர்டர் போட்டு வைப்பவர் என்றால் ஹை, லோ. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. ஜூன் 4 அன்று சந்தை தொடங்கும்போது நிஃப்டி நம் 22,798.62 கோட்டுக்கு மேலேதான் இருந்தது. ஸ்டாப் ஆர்டர் வைத்தவர் ஏறத்தாழ -2% இல் வெளியேறியிருக்கலாம். குளோசுக்குக் காத்திருந்தவருக்கு -5.93%. லேபிள் இரண்டிலும் -1, ரிட்டர்ன் மூன்று மடங்கு வேறு. லேபிளை மட்டும் வைத்து லாபம் கணக்கிடாதீர்கள், r ஐ வைத்துக் கணக்கிடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

சந்தை கோட்டுக்குக் கீழேயே கேப்பில் தொடங்கினால் வெளியேறும் விலை கோடு அல்ல, அன்றைய ஓப்பன். ஒரே கேண்டிலில் இரண்டும் தொட்டால் எது முதலில் என்று தினசரி டேட்டா சொல்லாது. ஐந்து நிமிட டேட்டா இருந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டாப் முதலில் என்று எழுதுங்கள். இப்படிப்பட்ட நாட்கள் அடிக்கடி வந்தால் கோடுகள் ஒரு கேண்டிலின் நீளத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று பொருள்.

இன்னொன்று. மேலே உள்ள கோட் குளோஸ் விலையில் வாங்கியதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஃபீச்சர்களும் அதே குளோசிலிருந்து வந்தால் அந்த விலையில் வாங்க முடியாது. மறுநாள் ஓப்பனை வாங்கிய விலையாக வையுங்கள்.

தினமும் ஒரு லேபிள் போட்டா ரெண்டாயிரம் வரி டேட்டா கிடைக்குது. போதுமில்ல?

வரிகள் ரெண்டாயிரம், தகவல் அவ்வளவு இல்லை. அதே வாரத்துக்கு முன்னால் போவோம். நிஃப்டி குளோஸ் மே 29 இல் 22,704.70, 30 இல் 22,488.65, 31 இல் 22,530.70. மூன்று நாளும் வாங்கி 2% கோடு போட்டால் மூன்றும் ஜூன் 3 அன்றுதான் மேல் கோட்டைத் தொடுகின்றன. மூன்று +1, ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒரே நாள். மாடல் இதை மூன்று தனித்தனி வெற்றியாக எண்ணும்.

இதைச் சரிசெய்ய ஒவ்வொரு லேபிளுக்கும் எடை தருகிறோம். ஒவ்வொரு நாளும் எத்தனை லேபிள்கள் உயிரோடு இருந்தன என்று எண்ணி, அதன் தலைகீழ் எண்ணை அந்த லேபிள் வாழ்ந்த நாட்களுக்குச் சராசரி எடுக்க வேண்டும். இந்த மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மே 30 அன்று ஒன்று, 31 அன்று இரண்டு, ஜூன் 3 அன்று மூன்று. மே 31 லேபிள் வாழ்ந்தது ஒரே நாள், அதன் எடை 1/3. மே 30 உடையது 1/2, 1/3 இரண்டின் சராசரி, 0.42. மே 29 உடையது 1, 1/2, 1/3 மூன்றின் சராசரி, 0.61. மூன்றையும் கூட்டினால் 1.36. மூன்று வரிக்கு ஒன்றரை வரிக்கும் குறைவான தகவல். முழு டேட்டாவில் அண்டை லேபிள்கள் இன்னும் நிறைய இருப்பதால் இது மேலும் குறையும். இந்த எண்ணை `sample_weight` ஆகக் கொடுத்தால் ரேண்டம் ஃபாரஸ்ட் உட்படப் பல மாடல்கள் ஏற்கும். ஒவ்வொரு நாளும் லேபிள் போடாமல், விலை குறிப்பிட்ட அளவு நகர்ந்த நாட்களில் மட்டும் போடுவதும் நல்ல வழிதான்.

கிராஸ் வேலிடேஷன்ல 70% வருது, புது டேட்டாவுல 50% தான். லேபிள் தப்பா?

லேபிள் சரியாக இருக்கலாம், பிரித்த விதத்தைப் பாருங்கள். வரிகளைக் குலுக்கிப் பிரித்தால் மே 29 பயிற்சிப் பகுதிக்கும் மே 30 சோதனைப் பகுதிக்கும் போகும். முந்தைய பதிலில் பார்த்தபடி இரண்டின் விடையும் ஜூன் 3 தான். இரண்டு நாளின் ஃபீச்சர்களும் ஒன்றுபோலவே இருக்கும். மாடல் விடையைப் பார்த்துத்தான் எழுதுகிறது.

நேர வரிசையில் பிரியுங்கள். பிறகு, சேமித்து வைத்த j ஐ எடுத்து, சோதனைக் காலத்தோடு வாழ்நாள் ஒட்டும் பயிற்சி வரிகளை எல்லாம் நீக்குங்கள். சோதனைக் காலத்துக்குப் பின்னாலும் பயிற்சி டேட்டா இருந்தால் இடையில் சில நாள் இடைவெளி விடுங்கள், ஏனென்றால் ஃபீச்சர்களே பழைய நாட்களைப் பின்னோக்கிப் பார்க்கின்றன. இதைச் செய்ததும் 70% சரிந்து கீழே வந்தால், அந்த 70% முன்பும் இல்லை.

ஷார்ட் போறவங்களுக்கு எப்படி? மெட்டா லேபிள்னு சொல்றாங்களே, அது வேறயா?

ஷார்ட் என்றால் r ஐ -1 ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். அதற்குத் திசை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் மெட்டா லேபிள் வருகிறது. திசையை ஒரு எளிய விதி சொல்கிறது, உதாரணமாக 20 நாள் சராசரி 50 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் லாங், கீழே இருந்தால் ஷார்ட். அந்தத் திசையில் மூன்று கோடுகளைப் போட்டு, டார்கெட் தொட்டால் 1, இல்லையென்றால் 0. மாடலின் வேலை திசையைச் சொல்வது அல்ல, "இந்த சிக்னலை எடுக்கலாமா, விடலாமா" என்று சொல்வது மட்டும்.

டார்கெட்டையும் ஸ்டாப்பையும் வேறு வேறு தூரத்தில் வைக்க விரும்புகிறவர்களுக்கு இது அவசியம். திசை தெரியாதபோது மேல் கோடுதான் டார்கெட் என்று யார் சொன்னது? ஷார்ட் போகிறவருக்கு அது ஸ்டாப் ஆயிற்றே. திசையே இல்லாமல் லேபிள் போடும்போது இரண்டு கோடும் சம தூரத்தில் இருக்கட்டும்.

எந்த pt, sl, எத்தனை நாள் சிறந்ததுன்னு எல்லா காம்பினேஷனும் ஓட்டிப் பார்க்கலாமா?

மாடலின் மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அர்த்தமில்லாத விடைதான் வரும். கோடுகளை மாற்றும்போது கேள்வியே மாறுகிறது. 3:1 க்கு வரும் 75% ஐயும் 1:1 க்கு வரும் 53% ஐயும் அருகருகே வைக்க முடியாது, காரணம் மேலே 3σ கேள்வியில் இருக்கிறது. லாபத்தை வைத்து ஒப்பிடலாம் என்றால், அறுபது காம்பினேஷனில் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகத் தெரியும்.

கோடுகளை வியாபாரத்திலிருந்து முடிவு செய்யுங்கள்: எத்தனை நாள் பணத்தை முடக்கத் தயார், ஒரு வியாபாரத்தில் எவ்வளவு இழக்கத் தயார். அப்புறம் செலவைப் பாருங்கள். வாங்கி விற்க மொத்தம் 0.1% ஆகிறது, கோடுகள் ±0.3% என்று வையுங்கள். ஜெயித்தால் கையில் 0.2%, தோற்றால் போவது 0.4%. லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்கவே மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். அதே செலவில் கோடுகள் ±2% என்றால் 52.5% போதும். நெருக்கமான கோடு நிறைய லேபிள் தருகிறது என்பதற்காக அங்கே போகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். லேபிள் எழுதும்போதே r இலிருந்து செலவைக் கழித்துவிட்டால் பின்னால் மறக்காது.